சேலையின் ஓரம் எங்கே முடிகிறது?

பூச்சந்தையில் எடுத்த படம் ஒன்று. சிவப்புப் பருத்திச் சேலையில் ஒரு பெண் நிற்கிறார். அவருக்கு ஒரு பக்கம் ரோஜாக் குவியல், மறுபக்கம் சாம்பல் நிறச் சிமெண்ட் தூண். சேலை பச்சையாக வேண்டும். ரோஜா சிவப்பாகவே இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதற்குத் தானியங்கித் தேர்வு, பிரஷ்ஷால் பூசும் மாஸ்க், பேனாக் கருவியால் வரையும் பாதை என மூன்று வழிகள் உண்டு. படம் முழுவதற்கும் ஒன்றையே பிடித்துக்கொள்ளும்போதுதான் வேலை கெடுகிறது. எந்தக் கருவி என்பதை ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தொடக்கம் தானியங்கியில் இருக்கட்டும். Select Subject முகம், கூந்தல் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிடும். Object Selection கொண்டு சேலையைச் சுற்றிக் கட்டம் போட்டால் பெரும்பாலும் துணி பிடிபடும். அந்தத் தேர்வோடு Hue/Saturation அடுக்கைச் சேர்த்து நிறத்தை மாற்றுங்கள். எங்கே பிசகியது என்று அப்போதே தெரியும்.

தூண் பக்கம் மாஸ்க் கொஞ்சம் வெளியே வழிந்தாலும் கவலையில்லை. சாம்பலில் நிறம் இல்லாததால் Hue நகர்ந்தாலும் அது மாறாது. மாஸ்க் உள்வாங்கினால்தான் சிவப்புக் கோடு ஒன்று எஞ்சும். அங்கே பிரஷ்ஷால் தாராளமாக வெள்ளை பூசினால் போதும்.

ரோஜாப் பக்கம் கதையே வேறு. துணியும் பூவும் ஒரே சிவப்பு என்பதால் தானியங்கி தடுமாறும். ஓரம் எலி கடித்தது போல இருக்கும், இரண்டு மூன்று பூக்களும் பச்சையாகியிருக்கும். இங்கே பிரஷ்ஷும் உதவாது, கை நடுக்கம் அப்படியே பதியும். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பேனாவை எடுங்கள். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளி கூடக்கூடக் கோடு நெளியும். பாதையைச் சேலை ஓரத்தோடு இறக்கி, ரோஜாக்களுக்குள் சுற்றிவந்து மூடி, Ctrl+Enter அழுத்தித் தேர்வாக்கி, அரை பிக்சல் மென்மை கொடுத்து, மாஸ்க்கில் கருப்பை நிரப்புங்கள். பூக்கள் தம் நிறத்துக்குத் திரும்பும். சேலை முழுவதையும் பேனாவால் சுற்ற வேண்டியதே இல்லை.

மிச்சம் முந்தானை. அது காற்றில் பறந்து குவியம் தப்பியிருந்தால், பாதையின் கூர்மை கத்தரியால் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். மங்கல் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய, ஓரம் மென்மையான பிரஷ்ஷே அதற்குச் சரி. குஞ்சத்தின் நூல்களை ஒவ்வொன்றாகச் சிறிய பிரஷ்ஷால் இழுக்க வேண்டும். மெல்லிய துணி வழியே ரோஜா தெரியும் இடத்தில் மாஸ்க் வெள்ளையாகவும் இருக்கக் கூடாது, கருப்பாகவும் இருக்கக் கூடாது. சாம்பலாக இருந்தால்தான் துணியும் பூவும் கலந்து தெரியும்.

முடிந்ததும் Alt விசையோடு மாஸ்க்கைச் சொடுக்கிக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகளும் திட்டுகளும் அதில் துலங்கும்.