கூரை தெரியாத படத்திலிருந்து ஒரு வீடு

மொபைல் கேம்களில் குட்டிக் குட்டி வீடுகளை மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். சுவர்கள் பளிச்சென்று தட்டையாக இருக்கும். மரம் நாலைந்து முகங்கள் வெட்டிய கல் போல நிற்கும். நம் வீட்டுப் புகைப்படத்தையும் இப்படி மாற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் பிளெண்டரைத் தரவிறக்குகிறார்கள். திறந்ததும் அதற்கான பொத்தானைத் தேடுகிறார்கள். அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இல்லாததற்குக் காரணம் எளிது. தெருவில் நின்று எடுத்த படத்தில் கூரையின் மேற்பரப்பு சரியாகத் தெரிவதில்லை. ஐசோமெட்ரிக் படத்திலோ கூரைதான் முதலில் கண்ணில் படும். புகைப்படத்தில் தூரத்துச் சுவர் சிறுத்துக்கொண்டே போகும், ஐசோமெட்ரிக்கில் எதுவும் சிறுக்காது. ஆகவே இங்கே ‘மாற்றுவது’ என்பது படத்தை வைத்து வீட்டை அளந்து, அதே வீட்டைக் கணினிக்குள் மறுபடி கட்டி, வேறொரு கேமராவால் பார்ப்பதுதான். வேலை கொஞ்சம் அதிகம். ஆனால் கொத்தனாருக்கு வேண்டிய கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது.

லோ-பாலி, ஐசோமெட்ரிக் என்ற இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். லோ-பாலி பொருளின் உருவத்தைப் பற்றியது: முடிந்தவரை குறைந்த முகங்களில் ஒரு பொருளைச் செய்வது. 1990களில் கணினிகளுக்கு அதற்கு மேல் தெம்பில்லாததால் அப்படிச் செய்தார்கள். இன்று அழகுக்காகச் செய்கிறார்கள். ஐசோமெட்ரிக் என்பது பார்க்கும் கோணத்தைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்திய வில்லியம் ஃபாரிஷ் 1822இல் இதை முறைப்படுத்தி எழுதினார். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறுகுவதால் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அந்த மூன்று திசைகளிலும் அளந்துவிடலாம் என்பதே அதன் பயன்.

இனி ஒரு வீட்டைக் கட்டிப் பார்ப்போம். தெருமுனையில் இருக்கும் ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, நாலு மரத்தூண், பக்கத்தில் ஒரு வேப்பமரம். தெருமுனை வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐசோமெட்ரிக் படத்தில் இரண்டு சுவர்கள் தெரியும். வரிசை வீடாக இருந்தால் முகப்பைத் தவிர மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் பின்னால் போய்விடும், பக்கச் சுவரை நாமே கற்பனை செய்ய வேண்டியிருக்கும்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது, அல்லது கெடுகிறது. வீட்டின் மூலைக்கு நேராக, இரண்டு சுவரும் தெரியும்படி, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் நின்று எடுங்கள். ஃபோனில் 0.5 என்று போட்டிருக்கும் அகன்ற லென்ஸ் வேண்டாம். அது நேர்கோட்டை வளைக்கும், வளைந்த கோட்டிலிருந்து அளவெடுக்க முடியாது. எடுத்த படத்தின் ஓரத்தையும் வெட்டாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். எதிர் வீட்டு மாடிக்கு ஏற அனுமதி கிடைத்தால் கூரைக்கென்று தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து fSpy என்ற இலவச மென்பொருள். படத்தை அதில் திறந்து, நிஜத்தில் இணையாக உள்ள கோடுகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். முகப்பில் திண்ணையின் விளிம்பு ஒன்று, கூரையின் தாழ்வார விளிம்பு ஒன்று. பக்கச் சுவர் மேலே முக்கோணமாக முடிவதால் அங்கே தாழ்வாரக் கோடு கிடைக்காது. சுவரின் அடிக்கோட்டையும் சன்னலின் மேல் விளிம்பையும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோடுகள் நீண்டால் எங்கே போய்ச் சந்திக்கும் என்பதிலிருந்து, படம் எடுத்த ஃபோன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது, லென்ஸ் எவ்வளவு அகலம் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. லென்ஸ் படத்தின் நட்டநடுவைப் பார்த்தது என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஓரத்தை வெட்டினால் நடு நகர்ந்துவிடும், கணக்கும் அதோடு போகும்.

அந்தக் கோப்பை அதற்குரிய துணைநிரல் வழியாக பிளெண்டருக்குள் கொண்டுவந்தால், ஃபோன் இருந்த அதே நிலையில் ஒரு கேமரா நிற்கும், அதன் பின்னணியில் நம் புகைப்படம் தெரியும். இப்போது ஒரு கனசதுரத்தைச் சேர்த்து, வீட்டின் கீழ் மூலையோடு அதன் மூலையைப் பொருத்தி, முகங்களை இழுத்துச் சுவர்களோடு ஒட்டவைக்க வேண்டும். கிட்டத்து விளிம்பு பொருந்தி, தூரத்து விளிம்பு மட்டும் விலகிப் போகிறது என்றால் பெட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். கோடுகளைச் சரியாக வரையவில்லை என்று அர்த்தம், fSpyக்குத் திரும்புங்கள்.

சுவர் நின்றதும் மேல்முகத்தின் நடுவே, நீளவாக்கில், Ctrl+R அழுத்தி ஒரு கோடு வெட்டி, அந்தக் கோட்டை மட்டும் உயர்த்தினால் கூரை முகடு வந்துவிடும். திண்ணை இன்னொரு பெட்டி. தூண்களுக்கு உருளையைச் சேர்க்கும்போது பிளெண்டர் 32 பக்கம் கொடுக்கும், 6 போதும். மரத்துக்கு Ico Sphere என்ற பந்து: Subdivisions 1 என்றால் 20 முகம், 2 என்றால் 80. வேம்புக்கு 80 முகப் பந்துகள் மூன்றைக் கோணல்மாணலாக ஒன்றுக்குள் ஒன்று செருகினால் போதும். எல்லாவற்றுக்கும் Shade Flat கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக வெளிச்சம் வாங்கும்.

ஓடுகளை என்ன செய்வது? ஒவ்வொரு நாட்டு ஓட்டையும் செய்ய ஆரம்பித்தால் அது லோ-பாலி இல்லை, தண்டனை. கூரைச் சரிவை எட்டு பத்துப் பட்டைகளாகப் பிரித்து, மூன்று செம்மண் நிறங்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, தாழ்வார ஓரத்தில் மட்டும் ஒரு வரிசையைப் படிப்படியாகத் துருத்தவைத்தால், பார்ப்பவர் கண் மிச்ச ஓடுகளைத் தானே போட்டுக்கொள்ளும். எதை விடுவது என்ற இந்த முடிவுதான் இந்தக் கலையில் உண்மையான வேலை என்பது என் எண்ணம். பிளெண்டரில் Decimate என்றொரு கருவி உண்டு. முகங்கள் அதிகமுள்ள உருவத்தை, கேட்ட அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். அதற்கு முகடு எது, சுவரில் காரை பெயர்ந்த இடம் எது என்று தெரியாது. பாறைக்கும் மண்மேட்டுக்கும் நன்றாக வேலை செய்யும், வீட்டில் விட்டால் கூரை விளிம்பைக் கடித்துக் குதறிவிடும்.

கட்டி முடித்ததும் அளவு சரிதானா என்று பார்க்க வாசற்கதவு உதவும். கதவு ஏறக்குறைய 7 அடி, அதாவது 2.1 மீட்டர் என்று வைத்து, வீடு முழுவதையும் அதற்கேற்பப் பெருக்குங்கள். நம் வீட்டில் அப்போது முகப்பு 6 மீட்டர், ஆழம் 5 மீட்டர், சுவர் 2.7 மீட்டர் என்று வந்தால் நம்பலாம். சுவர் 4 மீட்டர் என்று வந்தால் எங்கோ தவறிவிட்டது, பழைய ஓட்டு வீடு அவ்வளவு உயரமாக இருக்காது.

இப்போது இரண்டாவது கேமரா. ஃபோனின் கண் வேலை முடிந்துவிட்டது. புதிய கேமராவைச் சேர்த்து, அதன் Type என்பதை Orthographic ஆக்குங்கள். தூரம் போனால் சிறுக்கும் வழக்கம் அத்தோடு நின்றுவிடும். சுழற்சியில் X 54.736 பாகை, Y 0, Z 45. வீடு மையத்தில் இருந்தால் கேமராவின் இடம் X 20, Y −20, Z 20. முகப்பு −Y பக்கம் பார்த்திருக்க வேண்டும். கேமராவை முன்னால் நகர்த்திப் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தால் ஒன்றும் நடக்காது, மிக அருகில் போனால் வீட்டின் முன்பகுதி வெட்டுப்படும். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் Orthographic Scale என்ற எண்தான். வீடும் மரமும் முழுதாக அடங்கும்வரை அதை மாற்றிப் பாருங்கள். பழைய கேம்களின் சாயல் வேண்டுமென்றால் X சுழற்சியை 60 ஆக்குங்கள். தரைக் கோடுகள் இரண்டு புள்ளி பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி ஏறும், புள்ளிப் படங்களில் கோடு பிசிறடிக்காமல் இருக்க அப்படி வரைந்தார்கள். கணக்குப்படி அது ஐசோமெட்ரிக் இல்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இந்தக் கோணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூரையின் சரிவு 45 பாகை என்றால் பின்பக்கச் சரிவு ஒரே கோடாகிக் காணாமல் போகும். 30 பாகை என்றால் முகடுக்கு அப்பால் மெல்லிய பட்டையாகத் தெரியும். படத்தில் தெரியாத பின்கூரைக்கும் அதனால் நிறம் கொடுத்தாக வேண்டும்.

நிறங்களைப் புகைப்படத்திலிருந்தே எடுக்கலாம். படத்தை Image Editor பகுதியில் திறந்து, நிறப் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து E அழுத்தி, படத்தில் சொடுக்கினால் அந்த நிறம் வந்துவிடும். நிழல் விழுந்த இடத்தில் எடுக்காதீர்கள். புகைப்படத்தின் நிழலோடு பிளெண்டரின் நிழலும் சேர்ந்து சுவர் அழுக்காகிவிடும். எடுத்த நிறம் படத்தில் சோகையாகத் தெரிந்தால் Color Management பகுதியில் View Transform என்பது AgX என்று இருக்கிறதா பாருங்கள். அதை Standard ஆக்கினால் நிறம் திரும்பிவிடும்.

வெளிச்சத்துக்கு ஒரு Sun விளக்கு போதும், Strength 3 அளவில் தொடங்கலாம். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் படம் நிற்கிறது. கேமராவுக்கு நேர் பின்னாலிருந்து வெயில் அடித்தால் முகப்பும் பக்கச் சுவரும் ஒரே அளவு வெளிச்சம் வாங்கும், நடுவிலுள்ள மூலை மறைந்து வீடு தட்டைக் காகிதமாகிவிடும். விளக்கைச் சுழற்றி, கூரை மிகப் பிரகாசமாகவும் முகப்பு நடுத்தரமாகவும் பக்கச் சுவர் இருட்டாகவும் வரும்படி நிறுத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் மூன்றும் பிரிந்து தெரிய வேண்டும்.

F12 அழுத்திப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தூரத்தால் எதுவும் சிறுக்காததால், எது முன்னே எது பின்னே என்று கண்ணுக்குக் குறிப்புக் கிடைப்பதில்லை. பின்னாலிருக்கும் மரத்தின் உச்சி கூரை முகட்டின் மேல் சரியாக உட்கார்ந்தால் மரம் கூரையில் முளைத்தது போலிருக்கும். நிஜத்தில் மரம் எங்கே இருந்தாலும் சரி, அரை மீட்டர் தள்ளி வையுங்கள்.

முதல் முயற்சிக்குக் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் அழகு முழுக்கச் சிற்ப நுணுக்கத்தில் இருக்கிறது, முகங்களைக் குறைத்தால் வெறும் படிக்கட்டுதான் மிஞ்சும். பெட்டிக்கடை, பேருந்து நிறுத்தம், பம்புசெட் அறை போன்ற நேர்கோட்டுக் கட்டடங்களில் தொடங்குங்கள்.