‘உருவாக்கினேன்’ என்றால் எதுவரை?

சிறு நிறுவனம் ஒன்று முதன்முறையாக ஒரு மொபைல் ஆப் டெவலப்பரை வேலைக்கு எடுக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த ரெஸ்யூமே ஒன்றில் இப்படி ஒரு வரி: ‘ஒரு லட்சம் டவுன்லோட் தாண்டிய மளிகை டெலிவரி ஆப்பை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உருவாக்கினேன்.’ அங்கே வேலை பார்த்த காலம் 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை. கோடிங் தெரியாத முதலாளிகூட இந்த வரியை நிறையவே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பிளே ஸ்டோரில் ஆப்பைத் தேடி, ‘About this app’ பகுதியின் அடிவரை போக வேண்டும். ஆப் முதலில் எப்போது வெளியானது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதிகள் அங்கே இருக்கும். வெளியான வருடம் 2019 என்று இருந்தால், இவர் சேர்வதற்கு முன்பே ஆப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல வருடம் ஓடும் ஆப்பைக் கெடுக்காமல் வளர்ப்பது, புதிதாக எழுதுவதைவிடக் கடினமான வேலை. ஆனால் டவுன்லோட் கணக்கு ஆரம்ப நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதி அவர் வருவதற்கு முன்பே வந்திருக்கலாம். ஆகவே அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடலாம்.

ஐபோன் பக்கம் இன்னும் உதவியானது. ஆப் ஸ்டோர் டவுன்லோட் எண்ணிக்கையைக் காட்டாது. ஆனால் பழைய வெர்ஷன்களைத் தேதியோடும் குறிப்போடும் வரிசையாகக் காட்டும். அவர் இருந்த காலத்தில் வந்த வெர்ஷன் ஒன்றை எடுத்து, ‘2023 ஆகஸ்டில் ஆர்டர் டிராக்கிங் வந்திருக்கிறதே, அதில் உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்கலாம். செய்தவரிடமிருந்து விவரம் தானாக வரும். வரைபடத்தை இன்னொருவர் செய்தார், தான் நோட்டிஃபிகேஷனைப் பார்த்துக்கொண்டேன் என்று பிரித்துச் சொல்பவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடும்.

இரண்டு தளத்திலும் செய்தேன் என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவற்றில் ஒரே கோடை இரண்டு போனுக்கும் பெரும்பாலும் பயன்படுத்தலாம். ஆனாலும் தளத்துக்கே உரிய வேலை மிச்சம் இருக்கும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, நோட்டிஃபிகேஷன் அனுப்பப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று மாற்றியது. கணக்குத் தொடங்க வழி தரும் ஆப், அதை அழிக்கவும் ஆப்புக்குள்ளேயே வழி தர வேண்டும் என்பதை 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியது. இரண்டுமே இவர் வேலை பார்த்த காலத்தைத் தொட்டவை. ‘இதற்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால், எந்தத் தளத்தில் கை வைத்தவர் என்பது தெரிந்துவிடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது ரிலீஸ் பற்றிய கேள்வியில்தான். கோடை எழுதிக் கொடுப்பது ஒரு வேலை. அதை ஸ்டோருக்கு அனுப்பி, மக்கள் கைக்குப் போன பிறகும் பொறுப்பாக நிற்பது வேறு வேலை. பிளே ஸ்டோரில் புது வெர்ஷனை முதலில் 5 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம். ஆப்பிளின் படிப்படியான வெளியீட்டில், தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு ஏழு நாளில் 1 சதவீதத்திலிருந்து 100 வரை போகும்.

இப்போது அவரிடம் ஒரு சிக்கலைச் சொல்லலாம்: ‘10 சதவீதம் பேருக்குப் போய்விட்டது. பணம் கட்டும் பக்கத்தில் ஆப் கிராஷ் ஆகிறது. என்ன செய்வீர்கள்?’

‘பழைய வெர்ஷனையே திரும்பக் கொடுத்துவிடுவேன்’ என்பவர், அநேகமாக அந்த இடத்தில் நின்றவர் அல்ல. வெளியீட்டை நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது. ஏற்கெனவே வாங்கியவர்களின் போனில் அது அப்படியே இருக்கும். பழைய கோடையே கொடுப்பதானாலும் versionCode எண்ணைக் கூட்டிப் புது வெர்ஷனாகத்தான் அனுப்ப வேண்டும். அனுபவப்பட்டவர் முதலில் நிறுத்துவார், கிராஷ் அறிக்கையில் எந்த வரியில், எந்தெந்த போனில் என்று பார்ப்பார், திருத்தி அனுப்புவார். ஐபோனில் அவசரப் பரிசீலனை கேட்கலாம் என்றும் சொல்லக்கூடும்.

ஸ்டோரில் ஆப்பே இல்லையென்றால்? நிறுவனம் மூடியிருக்கலாம். ஊழியர்களுக்கான உள்ளக ஆப்பாக இருந்தால் அது பொது ஸ்டோருக்கு வந்தே இருக்காது. நீண்டநாள் புதுப்பிக்காத ஆப்பைப் புதிய ஆண்ட்ராய்டு போன்களில் தேடினாலும் பிளே ஸ்டோர் காட்டாமல் போகலாம். இவர்களைத் தேடல் முடிவை வைத்துத் தள்ளிவிடுவது அநியாயம். அந்தக் கிராஷ் கேள்வியையே கேட்டு, கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: ஸ்டோர் கணக்கில் உங்களுக்கு என்ன அனுமதி இருந்தது, ஆப்பில் கையெழுத்திடும் சாவி யாரிடம் இருந்தது? பெரிய நிறுவனங்களில் அதற்குத் தனிக் குழு இருக்கும். அதை அப்படியே சொல்பவரிடம் குறை இல்லை. ஆனால் ஒரே ஒரு டெவலப்பரை வைத்து நடத்தப்போகிற நிறுவனத்துக்கு, அந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தவர்தான் தேவை.