நாடியைக் கணக்கிடும் முறை

தில்லியில் தமிழர் பலர் வாழும் பகுதியொன்றின் பூங்காவில், நாள்தோறும் காலையில் நடைப்பயிற்சி செய்யும் குழு ஒன்று உண்டு. அக்குழுவினருள் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற முதியவர்கள். நடக்கும்போது நாடித்துடிப்பை எவ்வாறு கணக்கிடுவது என்பதை அறிந்துகொள்ள விரும்பி, அவர்கள் உடற்பயிற்சியாளர் ஒருவரை அழைத்திருந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அங்கு வந்து உரையாற்றினார்.

"இதயம் ஒருமுறை சுருங்கும்போது இரத்தம் தமனிகளுக்குள் வேகமாகத் தள்ளப்படுகிறது. அதனால் தமனியின் சுவர் சற்றே விரிந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த அசைவையே நாம் நாடித்துடிப்பாக உணர்கிறோம்" என்று அவர் தம் உரையைத் தொடங்கினார். பின்னர், அனைவரையும் தத்தம் நாடியைத் தொட்டுப் பார்க்குமாறு கூறினார்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கட்டைவிரலைக் கழுத்தின் ஒருபுறமும் மற்ற விரல்களை மறுபுறமும் வைத்து அழுத்தினார். பயிற்சியாளர் உடனே, "ஐயா, கையை எடுத்துவிடுங்கள்" என்றார். பெரியவர் வியப்புடன் கையை எடுத்தார். "கழுத்திலும் நாடி தெரியுமே?" என்று கேட்டார்.

"தெரியும். ஆயினும் அவ்விடத்தை அழுத்துவது உங்களுக்கு நல்லதன்று" என்ற பயிற்சியாளர் அதற்கான காரணத்தை விளக்கினார். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் உள்ளன. தாடைக்குக் கீழே அவை கிளையாகப் பிரியும் இடத்தில், இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அமைந்துள்ளன. அவ்விடத்தை வெளியிலிருந்து அழுத்தினால், இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்ற தவறான செய்தி மூளைக்குச் செல்கிறது. மூளையோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டி இதயத்துடிப்பை மெதுவாக்குகிறது. முதியவர் சிலருக்கு அதனால் தலைசுற்றல் உண்டாகும். மயங்கி விழவும் நேரிடலாம். இருபுறமும் ஒருசேர அழுத்தினால் மூளைக்குச் செல்லும் இரத்தமே குறையக்கூடும். மேலும், துடிப்பு மெதுவாகிவிடுவதால் கிடைக்கும் கணக்கும் பிழையாகும். ஆகவே, நடைப்பயிற்சி செய்வோர்க்கு மணிக்கட்டே ஏற்ற இடமாகும்.

அடுத்து, மணிக்கட்டில் நாடி பார்க்கும் முறையை அவர் செய்து காட்டினார். இடக்கையின் உள்ளங்கை மேல்நோக்கியிருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். வலக்கையின் சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகளை, இடக்கைக் கட்டைவிரலின் அடியில், எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மெல்ல வைக்க வேண்டும். மிகுதியாக அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் துடிப்பு மறைந்துவிடும். அப்போது நாடி இல்லை என்று அஞ்சாமல் விரலைச் சற்றுத் தளர்த்தினால் போதும். கட்டைவிரலால் நாடி பார்த்தல் கூடாது. அவ்விரலிலும் துடிப்பு நன்கு உணரப்படுவதால், எது எந்தத் துடிப்பு என்ற குழப்பம் நேரும்.

துடிப்பு தெரிந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்து 15 நொடிகளுக்கு எண்ண வேண்டும். வந்த எண்ணை 4 ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத்திற்கான துடிப்பு கிடைக்கும். துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இல்லையெனில், ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். அத்தகைய சீரின்மை அடிக்கடி தென்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஓய்வாக அமர்ந்திருக்கும் வயதுவந்தோர்க்கு நாடித்துடிப்பு பெரும்பாலும் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். நடக்கும்போது அது உயரும். எவ்வளவு உயரலாம் என்பதைத் தோராயமாக அறிய ஒரு கணக்கு உண்டு. 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் எண்ணில் 50 விழுக்காடு முதல் 70 விழுக்காடு வரை, மிதமான பயிற்சிக்குரிய அளவாகும்.

இதன் பின்னர் அனைவரும் 20 நிமிடம் நடந்தனர். நடந்து முடித்தவர்கள் சட்டென அசையாமல் நின்றுவிடலாகாது என்று பயிற்சியாளர் எச்சரித்தார். திடீரென நின்றால் கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் ஏற்படலாம். எனவே, அவர்கள் பாதையோரம் ஒதுங்கி, நின்ற இடத்திலேயே கால்களை மெல்ல அசைத்தவாறு, காலந்தாழ்த்தாமல் நாடியை எண்ணினர். தாழ்த்தினால் துடிப்பு குறையத் தொடங்கிவிடும்.

முன்வரிசைப் பெரியவருக்கு வயது 60. அவர் 15 நொடிகளில் 27 துடிப்புகளை எண்ணினார். அஃதாவது, நிமிடத்திற்கு 108. அவர் வயதுக்கு 220-லிருந்து 60-ஐக் கழித்தால் 160. அதில் 50 விழுக்காடு 80, 70 விழுக்காடு 112. 108 என்பது இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளதால், அவர் நடந்த வேகம் அவருக்குப் பொருத்தமானதே.

அதே வயதுடைய அம்மையார் ஒருவருக்கு 15 நொடிகளில் 19 துடிப்புகளே இருந்தன. நிமிடத்திற்கு 76. "எனக்கு 80 கூட வரவில்லை. இன்னும் விரைவாக நடந்து வருகிறேன்" என்று அவர் புறப்பட்டார். அவ்வாறு சொல்வதற்குள் இருமுறை மூச்சு வாங்கியது. பயிற்சியாளர் அவரைத் தடுத்து, "அம்மா, நீங்கள் ஏதேனும் மாத்திரை உட்கொள்கிறீர்களா?" என்று வினவினார். இரத்த அழுத்தத்திற்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை உட்கொள்வதாக அம்மையார் கூறினார்.

"அம்மாத்திரை இதயத்துடிப்பை மிகுதியாக உயரவிடாது. ஆதலால், நாம் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எண் சிறிதாக இருப்பதைக் கண்டு வேகத்தைக் கூட்டினால், உடல் தாங்காத அளவுக்கு உழைக்க நேரிடும். கணக்குச் சரியாக வரவேண்டும் என்பதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது" என்றார் பயிற்சியாளர். "நடக்கும்போது உங்களால் தடையின்றிப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு விரைவாக வரலாம். அதுவே உங்களுக்கு உரிய அளவு. இப்போது பேசும்போதே மூச்சு வாங்குகிறது. எனவே, நீங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு எந்த அளவு தக்கது என்பதை மருத்துவரிடமும் கேட்டறியுங்கள்" என்று அவர் மேலும் கூறினார். அம்மையார் மெல்ல நடந்து வந்து இருக்கையில் அமர்ந்தார்.

இறுதியாகப் பயிற்சியாளர் ஒன்றை வலியுறுத்தினார். நடக்கும்போது மார்பில் வலியோ இறுக்கமோ, கடும் மூச்சுத்திணறலோ, மயக்கமோ தோன்றினால், நாடியை எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. உடனே நடையை நிறுத்தி அமர்ந்து, அருகிலிருப்போரை அழைக்க வேண்டும். 112 என்னும் அவசர எண்ணில் உதவி கோர வேண்டும். அத்தகைய வேளையில் நாடி 90 என்று காட்டினாலும் அது ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது.

அருஞ்சொற்பொருள்

தமனி – இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு எனக் கணக்கிடும் அளவு
மிதமான – மிகுதியும் குறைவும் இல்லாத

பயிற்சி

1. கழுத்தை அழுத்தி நாடி பார்ப்பதால் முதியவர்க்கு நேரக்கூடிய தீங்கு யாது?
2. கட்டைவிரலால் நாடி பார்த்தல் கூடாது. ஏன்?
3. அம்மையாரின் நாடித்துடிப்பு 80-க்குக் குறைவாக இருந்தும், பயிற்சியாளர் அவரை விரைவாக நடக்கவிடாமல் தடுத்தது ஏன்?
4. 40 வயதுடைய ஒருவர் நடந்து முடித்தவுடன் 15 நொடிகளில் 31 துடிப்புகளை எண்ணினார். அவருடைய பயிற்சி மிதமான அளவில் உள்ளதா எனக் கணக்கிட்டு எழுதுக.
5. உம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது, அவர் இசைவுடன் மணிக்கட்டில் நாடி பார்த்து, செய்த முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.