இரண்டு வாடிக்கையாளர், ஒரே டெண்டர்

ஏசிசிஏ போன்ற கணக்கியல் தேர்வுகளில் அறநெறிக் கேள்வி ஒரு சிறு சம்பவமாகவே வரும். உதாரணமாக, ஒரு கணக்கியல் நிறுவனம் ஒரு பேருந்து நிறுவனத்தின் டெண்டருக்கு விலை கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. அதே டெண்டருக்கு இன்னொரு வாடிக்கையாளரும் ஆலோசனை கேட்டு வருகிறார்.

இங்கே பலர் நெறிமுறைத் தொகுப்பின் ஐந்து அடிப்படைக் கோட்பாடுகளையும் ஒப்பித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். உண்மையில் ஆட்டம் காண்பவை நடுநிலையும் இரகசியம் காத்தலும்தான். ஏன் என்பதைச் சம்பவத்தின் விவரத்தோடு எழுத வேண்டும்: முதல் நிறுவனத்தின் டீசல் செலவை அறிந்தவர் இரண்டாமவருக்கு விலை சொன்னால், வாய்விட்டு எதுவும் சொல்லாமலேயே இரகசியத்தைப் பயன்படுத்திவிடுகிறார். பயன்படுத்துவதும் மீறலே.

அடுத்து, ஆபத்தின் அளவைச் சொல்லிப் பாதுகாப்புகளுக்கு வர வேண்டும்: இரு தரப்புக்கும் தெரிவித்துச் சம்மதம் பெறுவது, தனித்தனிக் குழுக்கள், பிரித்துவைத்த கோப்புகள், தொடர்பில்லாத பங்குதாரரின் மறுஆய்வு. ஆனால் முதல் நிறுவனம் போட்டியிடுவதே இரகசியமாக இருந்தால், சம்மதம் கேட்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கவனிப்பவரின் விடைதான் தனித்துத் தெரியும். அப்போது, காரணத்தை வெளியிடாமல் இரண்டாவது வேலையை மறுக்க வேண்டும் என்று முடிவைத் தெளிவாக எழுத வேண்டும்.