ஐந்தாம் சரத்தில் 82 வோல்ட் எங்கே போயிற்று?

ஆரணிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கூரையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 330 வாட் சோலார் பேனல்கள் 72. பன்னிரண்டு பன்னிரண்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஆறு சரங்கள். மெக்கானிக்குகள் இதை ஸ்ட்ரிங் என்பார்கள். ஆறு சரங்களும் காம்பைனர் பாக்ஸ் என்னும் பெட்டிக்கு வந்து, அங்கே இணையாகச் சேர்ந்து, ஒரே ஜோடி வயரில் இன்வெர்ட்டருக்கு இறங்குகின்றன. கோடை மழையோடு பலத்த இடி விழுந்த ஒரு வாரத்துக்குப் பின், விளைச்சல் குறைந்திருப்பதை ஆலைக்காரர் கவனிக்கிறார். காம்பைனர் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு வயரிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஐந்து சரங்களில் 7 ஆம்பியர் ஓடுகிறது; ஐந்தாவதில் மட்டும் 2 ஆம்பியர்.

நேர்மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும். சோலார் வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி வயரைக் கழற்றுபவர் உயிரோடு விளையாடுகிறார்.

2 ஆம்பியரைப் பார்த்ததும் பெரும்பாலோருக்குத் தோன்றுவது தூசியும் நிழலும்தான். ஆனால் ஒரே கூரை, ஒரே சாய்வு, ஒரே நாளில் கழுவிய பேனல்கள், அருகில் மரமோ தண்ணீர்த் தொட்டியோ இல்லை. இனி மல்டிமீட்டர்தான் பேச வேண்டும்.

அளப்பதற்கு முன் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டும். பலரும் தவிர்க்கும் படி இதுதான். பேனலின் முதுகில் ஒட்டிய தாளில், சுமை இல்லாதபோது 46 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அது 25 டிகிரி வெப்பத்தில் கிடைக்கும் அளவு. நண்பகல் வெயிலில் பேனலுக்குள் இருக்கும் செல்கள் 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீத வோல்ட்டேஜ் குறையும் என்பதால் 35 டிகிரிக்குப் பத்தரை சதவீதம் போய்விடும். ஆக ஒரு பேனலுக்கு 41.2 வோல்ட், பன்னிரண்டுக்கு ஏறத்தாழ 494. இந்த எண் கையில் இல்லாமல் கூரை ஏறினால், 46-ஐப் பன்னிரண்டால் பெருக்கி வரும் 552 வோல்ட்டை எதிர்பார்த்து, நல்ல சரங்களையும் கெட்டுப்போனவை என்று முடிவு கட்ட நேரும்.

494 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனல் முனைகளில் அது நின்றுகொண்டே இருக்கும். இன்னொன்று, கரண்ட் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி தெறிக்கும். ஏசியில் தானாக அணைந்துவிடும் பொறி, டிசியில் நீண்ட தீ நாக்காக நின்று எரியும். எனவே இது பயிற்சி பெற்றவரின் வேலை. கையில் 1000 வோல்ட் தாங்கும் உறை, கேட் 3 வகையில் 1000 வோல்ட்டுக்குத் தகுதி பெற்ற மீட்டர், முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துவது, அடுத்து டிசி சுவிட்ச், பிறகு பெட்டியில் ஒவ்வொரு சரத்தின் சுவிட்ச் என்ற வரிசையை அவர் மாற்ற மாட்டார். மீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும். முன்பு கரண்ட் அளந்த யாரோ அதை 10 ஆம்பியர் துளையில் விட்டிருந்தால், வோல்ட் பார்க்க முனையைத் தொட்ட நொடியே சரம் மீட்டருக்குள் ஷார்ட் ஆகிவிடும்.

டிசி சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியில் அளந்தால் ஆறு சரங்களும் ஒரே வோல்ட்டைத்தான் காட்டும். அவை அங்கே இன்னும் இணையாகச் சேர்ந்திருக்கின்றனவே! அதோடு, வலுவான ஐந்து சரங்கள் பலவீனமான ஒன்றுக்குள் கரண்ட்டைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டும் இருக்கலாம். கிளாம்ப் மீட்டர் மைனஸ் குறி காட்டுவது இதனால்தான். இந்த நிலையில் ஃபியூஸ் தாங்கியைத் திறக்கக் கூடாது. சரத்துக்குச் சரம் சுவிட்ச் இல்லாத பெட்டி என்றால், வெளிச்சம் மங்கிய நேரத்துக்குக் காத்திருப்பதோ பேனல்களை முழுதாக மூடுவதோதான் வழி. நம் பெட்டியில் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. ஆறையும் அணைத்து, ஒவ்வொரு வயரிலும் கரண்ட் பூஜ்யம் என்று கிளாம்ப்பில் உறுதி செய்த பிறகு அளக்கிறோம்.

முதல் சரம் 493. இரண்டாவது 494. மூன்றும் நான்கும் ஆறும் அதே அளவு. ஐந்தாவது 411.

குறைவது சுமார் 82 வோல்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு. வோல்ட் ஆறில் ஒன்று குறைந்ததற்குக் கரண்ட் ஏன் ஏழிலிருந்து இரண்டாக விழுந்தது? இன்வெர்ட்டர் ஆறு சரங்களையும் ஒரே வோல்ட்டேஜில் இயக்குகிறது. பெரும்பான்மைக்கு ஏற்றபடி சுமார் 395 வோல்ட்டில் நிற்கிறது. நல்ல சரத்துக்கு 395 என்பது நன்றாக உழைக்கும் புள்ளி. ஐந்தாவதுக்கோ அதன் மொத்த உயரமே 411. உச்சியை நெருங்கிய இடத்தில் நிறுத்தப்படுவதால் அதனால் கரண்ட் தர முடியவில்லை. இதே சரம் இன்வெர்ட்டரில் தனி வழியில் இணைந்திருந்தால், தனக்கேற்ற தாழ்ந்த வோல்ட்டில் இயங்கி, ஆறில் ஒரு பங்கை மட்டும் இழந்திருக்கும். பக்கத்து வீட்டில் கொஞ்சம்தான் குறைந்தது, நமக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

82 வோல்ட் என்பது இரண்டு பேனலின் அளவு. மூன்று சாத்தியங்கள் எழுகின்றன. இரண்டு பேனல்கள் சரத்தில் சேராமல் விடுபட்டிருக்கலாம். அல்லது ஒரே ஒரு பேனல் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். டார்ச் லைட்டில் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டால் அது தன் பங்கைத் தராததோடு அடுத்ததன் பங்கையும் தின்னுவதுபோல, திருப்பிய ஒரு பேனல் இரண்டு பேனலின் வோல்ட்டைக் காணாமல் செய்யும். மூன்றாவது, பைபாஸ் டயோடு. இத்தகைய பேனலில் 72 செல்கள், இருபத்துநான்கு இருபத்துநான்காக மூன்று குழுக்கள். நிழல் விழுந்த குழுவைச் சுற்றிக் கரண்ட் கடந்து போக, பேனல் முதுகில் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் குழுவுக்கு ஒரு டயோடு வைத்திருப்பார்கள். அருகில் விழும் இடியின் அதிர்ச்சியில் இந்த டயோடு ஷார்ட் ஆகிவிடுவது உண்டு. அப்போது அந்தக் குழு முழுவதும் செத்ததற்குச் சமம். பேனல் மூன்றில் ஒரு பங்கை, 13.7 வோல்ட்டை இழக்கும். ஆறு டயோடு போனால் அதே 82.

மொத்த வோல்ட்டை எத்தனை முறை அளந்தாலும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. சரத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு முன், பிளஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையிலும், மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எந்த முனையையும் எர்த்தோடு கட்டாத இத்தகைய அமைப்பில், ஆரோக்கியமான சரம் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டுப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். இறங்காமல் இரண்டும் நிலையாக நின்று, கூட்டினால் மொத்த வோல்ட் வந்தால், நடுவில் எங்கோ வயர் உரிந்து சட்டத்தைத் தொடுகிறது என்று பொருள். அப்போது சட்டத்தைத் தொடுவதே ஆபத்து. மேற்கொண்டு எதையும் கழற்றாமல் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நம் சரத்தில் இரண்டும் இறங்கிவிடுகின்றன.

பன்னிரண்டு பேனலையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவது வீண் வேலை. கழற்றும் ஒவ்வொரு கனெக்டரும் பிற்பாடு தளர்வதற்கு ஒரு வாய்ப்பு. பாதியாகப் பிரிப்பதே சரி. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவிலும், சரத்தின் இரு கோடிகளிலும் கனெக்டரை அதற்குரிய சாவியால் விடுவித்து, பொருத்தமான கனெக்டர் வைத்த சோதனை வயரால் அளக்கிறோம். மீட்டரின் ஊசியைக் கனெக்டருக்குள் குத்தினால் உள்ளிருக்கும் உலோகப் பிடி விரிந்து, பின்னாளில் சூடேறும்.

முதல் ஆறு பேனல்கள் 247 வோல்ட், குறை இல்லை. அடுத்த ஆறும் 164. காணாமல் போனது முழுவதும் இந்தப் பாதியில்தான். இதை மறுபடி பிரித்தால் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் சேர்ந்து 96. பத்து முதல் பன்னிரண்டு வரை 68. மூன்று நல்ல பேனலுக்கு 123 அல்லது 124 வந்திருக்க வேண்டும். முதல் மூன்றில் 27, அடுத்த மூன்றில் 55 குறைகிறது. ஒரு பேனல் திருப்பி மாட்டப்பட்டிருந்தால் 82-ம் ஒரே இடத்தில் குறைந்திருக்கும். பேனல் விடுபட்டிருந்தால் குறை 41-ன் மடங்காக வந்திருக்கும். இரண்டுமே இல்லை. 27-ம் 55-ம் பதின்மூன்றே முக்காலின் இரண்டு மடங்கும் நான்கு மடங்கும்.

தனித்தனியாகப் பார்க்கும்போது அது அப்படியே தெரிகிறது. ஏழாவதும் பன்னிரண்டாவதும் 41. எட்டும் ஒன்பதும் 27. பத்தும் பதினொன்றும் 14-ஐத் தாண்டவில்லை. அவற்றில் இரண்டிரண்டு குழுக்கள் போயிருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்தச் சோதனை முழுவதிலும் மிக நம்பகமான சாட்சி இந்தப் படிக்கட்டுதான். தூசியும் வெப்பமும் வோல்ட்டைச் சிறிது சிறிதாக அசைக்கும். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று வெட்டிவிட்டாற்போல் குறைப்பது பைபாஸ் டயோடு.

கடைசி உறுதிக்கு, சந்தேகப் பேனலைச் சரத்திலிருந்து முழுதாகப் பிரித்து, வெளிச்சம் புகாத துணியால் மூடி, ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, மீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றுகிறோம். நல்ல டயோடு ஒரு திசையில் 0.2 முதல் 0.4 வோல்ட்டுக்குள் காட்டும். முனைகளை மாற்றினால் OL என்று எழுதும். ஷார்ட் ஆனது இரு திசையிலும் பூஜ்யத்தையே காட்டும். டயோடின் மேல் 15SQ045 போன்ற எண் இருக்கும். அதே கரண்ட்டும் வோல்ட்டும் தாங்கும் மாற்று கிடைத்தால் பற்றவைக்கலாம். ஆனால் உத்தரவாதம் உள்ள பேனலைத் திறக்கக் கூடாது. அளந்த எண்களோடு விற்றவரிடம் போவதே சரி. பெட்டிக்குள் பசை ஊற்றி மூடிய பேனலாக இருந்தால் டயோடை மட்டும் மாற்ற வழியில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது கரண்ட்டே இழுப்பதில்லை. அதனால் பாதி கருகிய கனெக்டரும், உள்ளே விட்டுப்போன பற்றுவைப்பும் சுமையில்லாமல் முழு வோல்ட்டைக் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் அவற்றின் குட்டு வெளிப்படும். சரத்தில் 494 வந்து, விளைச்சல் மட்டும் குறைந்தால், வோல்ட்டை மறுபடி மறுபடி அளப்பதில் பயனில்லை. இயங்கும் நேரத்தில் வெப்பக் கேமராவால் கனெக்டர்களைப் பார்க்க வேண்டும். ஷார்ட் ஆகாமல் அறுந்துபோன டயோடும் இப்படித்தான் தப்பித்துக்கொள்ளும்.

நான்கு பேனல்களும் சரியானதும் ஐந்தாம் சரம் 493 காட்டுகிறது; இன்வெர்ட்டரை ஓட்டினால் 6.9 ஆம்பியர். பெட்டியை மூடுமுன், அதே பெட்டியில் உள்ள சர்ஜ் காப்பானின் சிறு ஜன்னலைப் பார்க்க வேண்டும். அது பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தால் அடுத்த இடிக்கு அது உதவாது. அதன் உள்கட்டையை மாற்றி, எர்த் வயரின் பிடிப்பையும் சோதித்த பிறகுதான் மூடியைத் திருக வேண்டும்.