ஐந்தாம் தேதி தவணை, ஏழாம் தேதி சம்பளம்

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவன அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் என் தங்கைக்கு 7-ஆம் தேதி சம்பளம். அவள் வாங்கிய தனிநபர் கடனுக்கு 5-ஆம் தேதி தவணை, 9,500 ரூபாய். இடையில் இரண்டே நாள்தான். ஒரு மாதம் கணக்கில் பணம் போதாமல் தவணை திரும்பியது. அவளுடைய வங்கி 295 ரூபாயும் கடன் கொடுத்த நிறுவனம் 500 ரூபாயும் பிடித்துக்கொண்டன. சம்பளம் வந்த அன்றே தவணையைக் கட்டிவிட்டாள். ஆனாலும் தவணை திரும்பிய வரி ஸ்டேட்மென்ட்டில் நின்றுவிட்டது. நாளை வேறொரு கடன் கேட்டுப் போனால் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுபவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

"அண்ணா, தேதியை மாத்திக் கேட்டா குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்கலாம். ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பல நிறுவனங்கள் மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே தவணை எடுக்கும். அவற்றுக்குள்தான் மாற்றித் தரும். பாக்கி இருக்கும்போது போகும் கடிதம் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். அதனால் எந்தெந்தத் தேதிகள் உண்டு என்பதைக் கிளையில் விசாரித்துக்கொண்டு, பாக்கியைத் தீர்த்த பிறகு எழுதுவதே சரி.

அவள் முதலில் எழுதியது "7-ஆம் தேதிக்கு மாற்றுங்கள்" என்று. நான் தடுத்தேன். தவணை எடுக்கும் கோரிக்கை பெரும்பாலும் காலையிலேயே வங்கிக்கு வந்துவிடும். சம்பளமோ மாலையில் ஏறலாம். அதைவிட முக்கியம் ஞாயிற்றுக்கிழமை. தவணை எடுக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. 7-ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் அவள் அலுவலகம் திங்கட்கிழமைதான் சம்பளம் போடும். தவணையோ ஞாயிறன்றே வந்து நிற்கும். ஆகவே சம்பளத் தேதிக்குப் பின் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். அந்த நிறுவனத்தில் இருந்த தேதிகளில் 10-ஐத் தேர்ந்தெடுத்தோம். ஜூலை பாதியில் கடிதம் போனது:

"பொருள்: தவணைத் தேதியை 5-லிருந்து 10-க்கு மாற்றக் கோருதல்.

ஐயா, மேற்கண்ட கடனுக்கான தவணை மாதந்தோறும் 5-ஆம் தேதி என் சம்பளக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது. விடுமுறை குறுக்கிட்டால் 8 ஆகிறது. இன்றைய தேதியில் பாக்கி ஏதும் இல்லை. செப்டம்பர் தவணை முதல் 10-ஆம் தேதிக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். ஆகஸ்ட் தவணையைப் பழைய தேதியிலேயே கட்டுகிறேன். கூடும் ஐந்து நாளுக்கான வட்டியைக் கட்டச் சம்மதம். தொகையையும் வசூலிக்கும் விதத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும். புது மேண்டேட் பதிவானதும் பழையதை ரத்து செய்து, திருத்திய தவணை அட்டவணையை அனுப்பவும். இணைப்பு: ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், மூன்று மாதச் சம்பள ஸ்லிப்."

மேலே கடன் கணக்கு எண்ணும் செல்பேசி எண்ணும் உண்டு. குடும்பக் கஷ்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்குத் தேவை சம்பளம் வரும் நாளுக்கான ஆதாரம். ஸ்டேட்மென்ட்டே அதைச் சொல்லிவிடும்.

கூடுதல் வட்டி என்றதும் அவள் தயங்கினாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். அசல் பாக்கி 2,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம். ஆண்டு வட்டி 28,000. அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 77 ரூபாய். ஐந்து நாளுக்கு 384 ரூபாய், அதுவும் ஒரே ஒரு முறை. தவணை ஒரு தடவை திரும்பியதற்கே 795 ரூபாய் போயிருந்தது. சில நிறுவனங்கள் மாற்றித் தருவதற்கென்று தனிக் கட்டணமும் கேட்கும்; அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதத்துக்கே மாற்றிக் கேட்காமல் ஒரு மாதம் தள்ளிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. தவணைக் கோரிக்கைகள் சில நாள் முன்பே தயாராகிவிடும். புது மேண்டேட்டை அவளுடைய வங்கி ஏற்றுக்கொள்ளவும் நாள் பிடிக்கும். கடிதம் கொடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் பழைய தேதிக்குப் பணம் வைக்காமல் விடுபவர்களுக்குத்தான் அடுத்த தவணையும் திரும்புகிறது. பழைய மேண்டேட்டை நாமே வங்கிக்குப் போய் நிறுத்துவதும் ஆபத்து. புதியது பதிவாகாத இடைவெளியில் தவணை தவறும். அதைத் தவறிய கடனாகவே நிறுவனம் எழுதும்.

கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டாள். மின்னஞ்சலிலும் அனுப்பினாள். பன்னிரண்டு நாளில் சம்மதம் வந்தது. புது மேண்டேட்டுக்கு அவள் ஒப்புதல் கொடுத்தாள். ஐந்து நாள் வட்டி செப்டம்பர் தவணையோடு சேரும் என்று எழுத்தில் இருந்தது.

செப்டம்பர் 5 அன்று காலையில் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். பழைய மேண்டேட் ரத்தாகாமல் இருந்தால் ACH என்று தொடங்கும் வரியோடு அன்றும் ஒரு தவணை போயிருக்கும், 10-ஆம் தேதி இன்னொன்று போகும். அன்று எதுவும் போகவில்லை. 10-ஆம் தேதி 9,884 ரூபாய் போனது.