வரிசையும் காரணமும்: வரலாற்றுத் தேர்வில் 1919 முதல் 1922 வரை

விடுதலைப் போராட்டப் பாடத்தில் இரண்டு வகை வினாக்கள் அடிக்கடி வரும். ஒன்று நிகழ்வுகளைக் கால வரிசைப்படுத்துவது, மற்றொன்று காரணத்தை விளைவோடு பொருத்துவது. முதல் வினாவுக்கு எல்லாத் தேதிகளும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை.

சௌரி சௌரா, ஒத்துழையாமை இயக்கம், ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக் ஆகிய நான்கையும் வரிசைப்படுத்தச் சொன்னால், முதலில் இரு முனைகளைப் பிடிக்க வேண்டும். 1919 மார்ச்சில் வந்த ரௌலட் சட்டம் தொடக்கம். 1922 பிப்ரவரியில் நடந்த சௌரி சௌரா முடிவு. ஜாலியன்வாலா பாக் படுகொலை 1919 ஏப்ரல் 13இல் நடந்தது. ஒத்துழையாமை இயக்கம் 1920இல் தொடங்கியது. ஆகவே இரண்டும் இதே வரிசையில் நடுவில் அமரும்.

பொருத்துவதில் குழப்பம் கூடுதல். ஒரே நிகழ்வு ஒன்றின் விளைவாகவும் இன்னொன்றின் காரணமாகவும் இருப்பதே இதற்குக் காரணம். ரௌலட் சட்டத்தின் நேரடி விளைவு ரௌலட் சத்தியாகிரகம். படுகொலையின் விளைவாகத் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் காவலர்கள் இறந்ததால், காந்தி இயக்கத்தை நிறுத்தினார். ஒத்துழையாமை இயக்கத்துக்குப் படுகொலையும் கிலாபத் பிரச்சினையும் காரணங்கள் என்பதால், அதை மற்றவற்றுக்குப் பின் பொருத்துவது எளிது.

விளைவுக்குப் பின் நடந்த நிகழ்வு அதன் காரணமாக முடியாது. முன்னால் நடந்தது என்பதாலேயே ஒன்று காரணமாகியும் விடாது.